பயாஸ் பாதியில் நின்றால்

கணினித் திரையில் வரும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை மீறினால் பெரிய நஷ்டம் எதுவும் வந்துவிடாது. பாதி நகலான சினிமாவை மறுபடி நகலெடுக்கலாம். பாதியில் நின்ற மென்பொருளை அழித்துவிட்டு மீண்டும் நிறுவலாம். ஆனால் பயாஸ் அப்டேட் ஓடும்போது வரும் "மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள்" என்ற வரி அந்த வகையைச் சேர்ந்தது அல்ல. அந்த இரண்டு மூன்று நிமிடத்துக்குள் கரண்ட் போய்விட்டால், அடுத்த முறை பட்டனை அழுத்தும்போது விசிறி சுற்றும், விளக்குகள் எரியும், திரை மட்டும் கருப்பாகவே நிற்கும். சர்வீஸ் கடைக்காரர்கள் இதை "நோ டிஸ்ப்ளே" என்பார்கள். கொஞ்சம் சோதித்துப் பார்த்துவிட்டு "பயாஸ் போயிருச்சு" என்பார்கள்.

இதில் உள்ள சிக்கல் வேடிக்கையானது. பயாஸை மறுபடி எழுதக் கணினி இயங்க வேண்டும்; கணினி இயங்கப் பயாஸ் வேண்டும். இருந்தும் இப்படிச் செத்த போர்டுகளில் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்கின்றன. அந்தச் சிப்பில் எழுதத் தெரிந்த யாராவது ஒருவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. மீட்பு வழிகள் ஒவ்வொன்றும் அந்த 'ஒருவர்' யார் என்பதில்தான் வேறுபடுகின்றன.

பயாஸ் இருப்பது ஹார்டு டிஸ்கில் அல்ல. மதர்போர்டில் ஒரு மூலையில் எட்டுக் கால்களோடு, சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு ஃபிளாஷ் சிப் இருக்கும். பல போர்டுகளில் அதன் கொள்ளளவு 16 எம்பி, புதியவற்றில் 32 எம்பி. இதனால் ஒரு நல்ல செய்தியும் உண்டு. பயாஸ் போனதால் மட்டும் உங்கள் படங்களும் கணக்கு வழக்குகளும் போய்விடுவதில்லை; அவை டிஸ்கில் அப்படியேதான் இருக்கும்.

இந்தச் சிப்புக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. அதில் எழுதுவது என்றால் 1 என்று இருப்பதை 0 ஆக்குவது மட்டும்தான். 0 ஆனதைத் திரும்ப 1 ஆக்க வேண்டுமானால் தனி ஒரு எண்ணை மட்டும் மாற்ற முடியாது. ஒரு பகுதி முழுவதையும் மொத்தமாக அழிக்க வேண்டும். அழித்த இடத்தில் எல்லாம் 1 என்றே இருக்கும், படித்துப் பார்த்தால் FF FF FF என்று வரிசையாகத் தெரியும். பொதுவாக 64 கேபி கொண்ட கட்டங்களாக அழிப்பார்கள். 16 எம்பி சிப்பில் அப்படி 256 கட்டங்கள். அப்டேட் என்பது ஒரு கட்டத்தை அழிப்பது, புதியதை எழுதுவது, சரியாக விழுந்ததா என்று படித்துப் பார்ப்பது, அடுத்த கட்டத்துக்குப் போவது. பழைய ஓலையைப் பிரித்த பிறகுதான் புதிய கூரை வேய முடியும். பிரித்த வேளையில் மழை வந்தால் வீட்டில் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அப்டேட் செய்யும் நிரல் தன்னை முதலிலேயே ரேமில் நகலெடுத்துக்கொண்டு அங்கிருந்து ஓடுவதால், சிப்பில் தன் சொந்த இடம் அழிவதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. கரண்ட் போன நொடியில் ரேமும் காலியாகிவிடுகிறது, அங்கேதான் ஆபத்து.

கரண்ட் மட்டுமே வில்லன் என்றும் சொல்ல முடியாது. ஒரே பெயரில் வந்து பின்னால் 'ரிவிஷன்' எண் மட்டும் மாறிய போர்டுக்கு வேறு ரிவிஷனின் கோப்பைப் போடுவது, பழுதான பென் டிரைவ், வேகம் கூட்டி நிலையில்லாமல் ஓடும் ரேம், விண்டோஸுக்குள்ளிருந்தே அப்டேட் செய்யும் கருவி நடுவில் உறைவது, இவையெல்லாம் அதே இடத்தில்தான் கொண்டுபோய் விடும்.

ஆனால் திரை கருப்பாக இருப்பதாலேயே பயாஸ் போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. இது முக்கியம், ஏனென்றால் நல்ல போர்டைக் கெடுத்தவர்கள் நிறையப் பேர் இங்கேதான் அவசரப்பட்டார்கள். அப்டேட் நன்றாக முடிந்த பிறகு முதல் முறை எழும்போது போர்டு ரேமை மறுபடி அளந்து பழக்க வேண்டியிருக்கும். டிடிஆர்5 ரேம் உள்ள கணினிகளில் இதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகும். அதுவரை திரையில் ஒன்றும் வராது, சில போர்டுகள் தானாகவே ஓரிரு முறை அணைந்து எரியும். பத்துப் பதினைந்து நிமிடம் தொடாமல் விட்டுவிடுங்கள். அப்போதும் ஒன்றுமில்லை என்றால் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, காசு போல இருக்கும் சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் எடுத்து வைத்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்கள். பழைய பதிப்பில் சேமித்த அமைப்புகள் புதிய பதிப்போடு ஒத்துப்போகாமல் முரண்டு பிடித்திருந்தால் இதிலேயே சரியாகிவிடும். கீபோர்டில் கேப்ஸ் லாக் விளக்கு அழுத்த அழுத்த மாறுகிறதா என்பதையும் கவனியுங்கள். மாறினால் பயாஸ் உயிரோடுதான் இருக்கிறது, கோளாறு திரைப் பக்கம். விசிறி சுற்றத் தொடங்கி ஒவ்வொரு முறையும் அதே இடைவெளியில் நின்று திரும்பச் சுற்றுகிறது, விளக்கு மாறவில்லை, எவ்வளவு காத்திருந்தாலும் பயனில்லை என்றால் சந்தேகம் வலுக்கிறது.

இனி, யார் உயிரோடு இருக்கிறார் என்ற கேள்விக்கு வரலாம்.

பழைய பிசிக்களில் அந்த ஒருவர் சிப்பின் கடைசிக் கோடியிலேயே இருந்தார். இன்டெல் வழிவந்த செயலி ஒன்று விழித்தவுடன் முதல் ஆணையைத் தேடிப் போகும் முகவரி FFFFFFF0. அதாவது 4 ஜிபி எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே. பயாஸ் சிப்பின் கடைசிப் பகுதி அந்த இடத்தில் தெரியும்படி போர்டில் இணைத்திருப்பார்கள். அந்தக் கடைசிப் பகுதிக்குப் பெயர் பூட் பிளாக். சாதாரண அப்டேட் அதைத் தொடாமல் மீதி இடத்தை மட்டும் மாற்றிவிட்டுப் போகும். மீதியைச் சரிபார்த்து, தப்பாக இருந்தால் பூட் பிளாக் ஒரு குட்டி மீட்பாளாக மாறும். அமி நிறுவனத்தின் பயாஸ் உள்ள போர்டுகளில் AMIBOOT.ROM என்ற பெயரில் கோப்பை ஃபிளாப்பியில் போட்டு, கன்ட்ரோலையும் ஹோமையும் அழுத்தியபடி எழுப்பினால் ஃபிளாப்பி டிரைவின் பச்சை விளக்கு எரிந்து, பீப் ஒலிகளோடு வேலை நடக்கும். திரைகூடத் தேவையில்லை.

பூட் பிளாக்கும் அழிந்தால்? 1999 ஏப்ரல் 26 அன்று அந்தக் கேள்வியைப் பல நாடுகள் ஒரே நாளில் கேட்டன. தைவானில் சென் இங்-ஹாவ் என்ற மாணவர் எழுதிய சிஐஎச் வைரஸ் அன்று விழித்துக்கொண்டு, டிஸ்கின் தொடக்கத்தை அழித்ததோடு நில்லாமல், சில வகைப் போர்டுகளில் பயாஸ் சிப்பிலும் குப்பையை எழுதியது. அதற்கு முன்வரை பயாஸைத் தாக்கும் வைரஸ் என்றால் மெக்கானிக்குகள் சிரித்திருப்பார்கள். அன்றைய சிப்புகள் பெரும்பாலும் சாக்கெட்டில் செருகப்பட்டிருந்ததால் துணிச்சல்காரர்களுக்கு ஒரு வழி இருந்தது. அதே மாதிரி வேறு ஒரு நல்ல போர்டை எழுப்பி, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பயாஸ் சிப்பைப் பிடுங்கி, செத்த சிப்பை அந்த இடத்தில் செருகி, அப்டேட் நிரலை ஓட்டுவார்கள். பயாஸ் ஏற்கெனவே ரேமுக்கு வந்துவிட்டதால் போர்டு சுணங்காது. கை நடுங்கினால் இரண்டு போர்டும் போகும். இப்போதைய சிப்புகள் பற்றவைக்கப்பட்டிருப்பதால் இந்த வித்தைக்கு வேலையில்லை.

அந்தக் காலகட்டத்தில் தைவானைச் சேர்ந்த கிகாபைட் நிறுவனம் வேறு விதமாக யோசித்தது. ஒரே போர்டில் இரண்டு சிப்புகள் வைத்தது. முதல் சிப் வழக்கமான வேலையைப் பார்க்கும். இரண்டாவது, தொழிற்சாலையில் எழுதிய பயாஸோடு சும்மா இருக்கும். முதல் சிப்பால் எழ முடியாவிட்டால் இரண்டாவது எழுந்து, போர்டை இயக்கி, தன்னையே முதல் சிப்பில் நகலெடுத்து வைக்கும். போர்டில் இரண்டு எட்டுக்கால் பூச்சிகள் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தால் அநேகமாக இந்த ஏற்பாடுதான். இந்த நகலெடுப்பு நடக்கும்போதும் சில நிமிடம் கரண்டைத் தொடக் கூடாது. முதல் விபத்தையே இரண்டாம் முறை உண்டாக்கிக்கொண்டவர்களும் உண்டு.

கேட்கும்போது குறையே இல்லாத ஏற்பாடு போலத் தோன்றும். நடைமுறையில் இரண்டு இடங்களில் இடறுகிறது. ஒன்று, முதல் சிப் முழுதாகச் சாகாமல் பாதிச் சாவில் இருப்பது. தொடக்கப் பகுதி ஒழுங்காக ஓடி, பிறகு நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டு நின்றால், முதல் சிப் வேலை செய்கிறது என்றே போர்டு நினைத்துக்கொள்ளும். மாற்றுச் சிப்புக்கு முறை வராது. விலை கூடிய சில போர்டுகளில் எந்தச் சிப்பிலிருந்து எழ வேண்டும் என்று கையால் தேர்ந்தெடுக்க ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும். அது இந்த நிலைமைக்குத்தான். மற்றொன்று, மாற்றுச் சிப்பில் இருப்பது பழைய பதிப்பு. ரைசன் 5000 வரிசைச் செயலி போடுவதற்காகவே ஒருவர் பழைய பி450 போர்டை அப்டேட் செய்திருப்பார், புதிய செயலியும் போட்டிருப்பார். பிறகு ஒருநாள் முதல் சிப் கெட்டால், இரண்டாவது எழுந்து பார்க்கும், எதிரே இருக்கும் செயலி யாரென்றே அதற்குத் தெரியாது. காப்பு இருந்தும் திரை கருப்புதான்.

இதற்கு மாற்றாக இன்று பரவலாக வந்திருப்பது போர்டின் பின்பக்கத்தில் யுஎஸ்பி துளைகளுக்கு அருகே இருக்கும் ஒரு பட்டன். ஏசூஸ் இதை பயாஸ் ஃபிளாஷ்பேக் என்கிறது, எம்எஸ்ஐ ஃபிளாஷ் பயாஸ் பட்டன் என்கிறது, கிகாபைட் கியூ-ஃபிளாஷ் பிளஸ் என்கிறது. இங்கே உயிரோடு இருப்பவர் தனியான ஒரு சின்ன மைக்ரோகண்ட்ரோலர். அதற்குச் செயலி வேண்டாம், ரேம் வேண்டாம், பயாஸும் வேண்டாம். கணினி அணைந்திருக்கும்போதும் பவர் சப்ளை போர்டுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் 5 வோல்ட் போதும். அது பென் டிரைவைப் படிக்கும், கோப்பைச் சரிபார்க்கும், சிப்பில் நேராக எழுதும். பூட் பிளாக் அழிந்திருந்தாலும் செயலி புதியதாக இருந்தாலும் கவலையில்லை என்பதால், என் கணிப்பில் இரண்டு சிப்பைவிட இந்தப் பட்டனே மேல். போர்டு வாங்கும்போது கேட்டுப் பார்க்க வேண்டிய அம்சம் இது.

ஆனால் அந்த மைக்ரோகண்ட்ரோலர் ரொம்பக் கறாரானது. பென் டிரைவ் FAT32 முறையில் இருக்க வேண்டும். கோப்பின் பெயர் அது எதிர்பார்க்கும் பெயராகவே இருக்க வேண்டும்: எம்எஸ்ஐ போர்டுக்கு MSI.ROM, கிகாபைட் போர்டுக்கு GIGABYTE.bin. ஏசூஸ் போர்டுக்கு மாதிரிக்கு ஒரு பெயர். பதிவிறக்கிய கோப்போடு வரும் BIOSRenamer என்ற கருவியை ஓட்டினால் அது மாற்றிக் கொடுக்கும். விண்டோஸில் கோப்பின் வால் மறைந்திருப்பதைக் கவனிக்காமல் பெயர் மாற்றி, MSI.ROM.ROM என்று ஆக்கிவிட்டுப் பட்டனைத் திட்டுபவர்கள் ஏராளம். டிரைவை அதற்கென்று குறியிட்ட யுஎஸ்பி துளையில்தான் செருக வேண்டும். பக்கத்துத் துளை உதவாது. ஏசூஸ் போர்டில் பட்டனை மூன்று நொடி அழுத்தியபடி இருந்தால் விளக்கு மூன்று முறை சிமிட்டும். பிறகு சிமிட்டிக்கொண்டே இருந்தால் எழுதுகிறது, அணைந்தால் முடிந்தது. ஐந்து நொடி சிமிட்டிவிட்டு அசையாமல் எரிந்தால் கோப்பு பிடிக்கவில்லை என்று பொருள். பெயரையும் டிரைவையும் பார்க்க வேண்டும். அந்த நிலையில் சிப்பில் இன்னும் எதுவும் எழுதப்பட்டிருக்காது, ஆகவே பயமில்லாமல் மறுபடி முயலலாம்.

லேப்டாப்பில் இப்படி ஒரு பட்டன் கிடையாது, அதற்குப் பதில் விசைக் கூட்டணிகள். பல எச்பி மாதிரிகளில் விண்டோஸ் விசையையும் பி-யையும் அழுத்தியபடி பவர் பட்டனை இரண்டு மூன்று நொடி அழுத்தி விட்டால், டிஸ்கிலோ பென் டிரைவிலோ வைத்திருக்கும் பயாஸ் நகலைத் தேடிப் போகும். பல டெல் மாதிரிகளில் கன்ட்ரோலையும் எஸ்கேப்பையும் அழுத்தியபடி சார்ஜரைச் செருக வேண்டும். இவை இரண்டும் பழைய பூட் பிளாக்கின் வாரிசுகள்தான். அதுவும் அழிந்திருந்தால் விசைகளை எவ்வளவு அழுத்தினாலும் பதில் வராது.

எதுவும் இல்லாத போர்டுக்கு என்ன செய்வது? சென்னை ரிச்சி தெருவில் போர்டு சர்வீஸ் செய்யும் ஒருவரிடம் அப்படி ஒன்று வந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்தேன். கொண்டுவந்தவர் டி.டி.பி. கடை வைத்திருப்பவர். அப்டேட் பாதிக்கு மேல் போனபோது கரண்ட் போயிருக்கிறது, யுபிஎஸ் பேட்டரி தாங்கவில்லை.

"அண்ணே, புது போர்டுதான் வாங்கணுமா? கல்யாண சீசன், பத்திரிகை ஆர்டர் எல்லாம் நிக்குது."

"இருங்க சார். சிப்புல என்ன மிச்சமிருக்குன்னு பார்த்துட்டுச் சொல்றேன்."

அவர் எடுத்தது சிஎச்341ஏ என்ற புரோகிராமர். கட்டைவிரல் அளவு, விலை சில நூறு ரூபாய்தான். அதன் முனையில் எட்டுக்கால் சிப்பை மேலிருந்து கவ்வும் கிளிப். போர்டிலிருந்து மின்கம்பியையும் பேட்டரியையும் எடுத்தார். சிப்பின் மேல் அச்சிட்ட எண்ணைப் பூதக்கண்ணாடியில் படித்தார். அது 3.3 வோல்ட் சிப்பா 1.8 வோல்ட் சிப்பா என்று பார்க்கத்தான். லேப்டாப்களில் 1.8 வோல்ட் வகை நிறைய வருகிறது; இடையில் அடாப்டர் இல்லாமல் கவ்வினால் சிப் கருகும். மலிவான கருப்பு நிறப் புரோகிராமர்களில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்தாலும் தகவல் போகும் கம்பிகளில் 5 வோல்ட் கசியும். தன்னுடையதை அவர் ஏற்கெனவே திருத்திப் பற்றவைத்திருந்தார். கிளிப்பின் சிவப்புக் கம்பியைச் சிப்பில் புள்ளி உள்ள முதல் காலோடு பொருத்திக் கவ்வினார்.

எழுதுவதற்கு முன் படிக்க வேண்டும், அதுவும் இரண்டு முறை:

```
flashrom -p ch341a_spi -r a.bin
flashrom -p ch341a_spi -r b.bin
cmp a.bin b.bin
```

முதல் தடவை இரண்டு கோப்பும் வேறு வேறாக இருந்தன. சிப் ஒன்றுதான், உள்ளே மாறுவதற்கு எதுவுமில்லை. ஆகவே கிளிப் சரியாகக் கவ்வவில்லை. கால்களைத் துடைத்து மறுபடி கவ்வியதும் இரண்டும் ஒத்துப்போயின. அந்தப் பொருத்தம் வரும்வரை எழுதத் தொடங்கக் கூடாது. தளர்ந்த கிளிப்பில் எழுதினால் குப்பைதான் விழும், கையிலிருந்த பழைய நகலும் நம்பத் தகாததாக இருக்கும்.

படித்ததை நிறுவனத் தளத்திலிருந்து இறக்கிய புதிய பதிப்போடு ஒப்பிட்டபோது விபத்து நடந்த இடம் அப்படியே தெரிந்தது. அமைப்புகளைச் சேமிக்கும் சிறு பகுதியைத் தவிர, 9C0000 என்ற இடம்வரை புதிய பதிப்பு. அங்கிருந்து ஒரு கட்டம் முழுவதும் FF. அதற்கு அப்பால் பழைய பதிப்பு. 256 கட்டத்தில் 156 எழுதி முடித்து, அடுத்ததை அழித்த கையோடு கரண்ட் போயிருக்கிறது. கடைசிக் கோடியில் இருக்கும் தொடக்க நிரல் பழையதாக, பழுதில்லாமல்தான் இருந்தது. அது எழுந்து, தான் அறியாத புதிய பகுதிகளைக் கூப்பிட்டு, நடுவில் வெற்றிடத்தில் விழுந்துகொண்டிருந்தது. விசிறி சுற்றிச் சுற்றி நின்றதற்குக் காரணம் அதுதான்.

புதிய கோப்பை அப்படியே எழுதிவிட முடியாது. பதிவிறக்கிய கோப்பின் அளவு 16,779,264 பைட், சிப்போ 16,777,216 பைட்தான். 2,048 பைட் கூடுதல். அது அப்டேட் நிரலுக்காக முன்னால் ஒட்டிய தலைப்பு. அதை வெட்டினார்:

```
dd if=new.cap of=new.bin bs=2048 skip=1
```

இதற்குப் பிறகும் அவர் எழுதவில்லை. தளத்திலிருந்து வரும் கோப்பு எல்லாப் போர்டுக்கும் பொதுவானது. ஆனால் சிப்பில் அந்தப் போர்டுக்கு மட்டுமே உரிய சில விவரங்கள் இருக்கும்: வரிசை எண், அடையாள எண், சில போர்டுகளில் நெட்வொர்க் முகவரி. லேப்டாப்பாக இருந்தால் கூடவே வந்த விண்டோஸின் சாவியும் அங்கேதான். வேறொரு கணினியின் சிப் நகலை இறக்கி அப்படியே எழுதிவிடும் கடைகளிலிருந்து திரும்பும் லேப்டாப்கள், ஓடும். ஆனால் விண்டோஸ் ஆக்டிவேஷன் கேட்கும், வரிசை எண் வேறு யாருடையதோ ஆக இருக்கும். இவர் பழைய நகலிலிருந்து அந்தப் பகுதியைப் புதிய கோப்பில் அதே இடத்தில் பொருத்திய பிறகுதான் எழுதினார்:

```
flashrom -p ch341a_spi -w new.bin
```

சில நிமிடம் கழித்து VERIFIED என்று வந்தது. கிளிப்பைக் கழற்றி, பேட்டரியைப் போட்டு, மின்கம்பியைச் செருகினார். முதல் முறை எழும்பக் கொஞ்சம் நேரம் எடுத்தது. கடைக்காரர் பட்டனை நோக்கிக் கையை நீட்டினார், இவர் தடுத்தார். பிறகு நிறுவனச் சின்னம் திரையில் வந்தது.

அடுத்து நீலத் திரை ஒன்று வந்து 48 இலக்க எண்ணைக் கேட்டது. அந்தக் கணினியில் பிட்லாக்கர் இயங்கியிருக்கிறது. தொடக்க நிரல் மாறியதைக் கண்டதும் டிஸ்கைத் திறக்க மறுத்துவிட்டது. அப்டேட்டுக்கு முன்பே அதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருந்தால் இந்தக் கேள்வி எழுந்திருக்காது. கடைக்காரருக்கு அப்படி ஒரு எண் இருப்பதே தெரியாது. விண்டோஸ் நிறுவும்போது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது தானாகச் சேமிக்கப்பட்டிருக்கலாம் என்று சர்வீஸ்காரர் சொல்ல, போனில் அந்தக் கணக்கைத் திறக்க முயன்றார். கணக்கைத் தொடங்கியது கடையில் முன்பு வேலை பார்த்த பையன். அவனுக்குத்தான் அடுத்த போன் போனது.